80 பள்ளிக்கு ஒரு முறையா, 60 பள்ளிக்கு இரு முறையா?

ஒரு தொண்டு நிறுவனம் மாலைநேர வாசிப்பு வகுப்பு நடத்தத் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடம், தமிழ்நாட்டின் ஏதோ ஒரு மாவட்டத்தில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகள். 3 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்கு ஆறு மாதம் வகுப்பு நடக்கும். அதனால் வாசிப்பு உண்மையிலேயே முன்னேறுகிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்பது நிர்வாகத்தின் எண்ணம். கையில் 16 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒரு பள்ளியில் வகுப்பு நடத்த 30,000 ரூபாய் ஆகும். தேர்வு வைக்க ஒரு பள்ளிக்கு ஒருமுறை போய்வந்தால் வண்டி, ஆள்கூலி எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய். அதற்கு மேல் குழந்தை ஒன்றுக்கு 150 ரூபாய். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஊரில் வேறாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், கணக்கின் வழி மாறாது.

இப்படிப்பட்ட கூட்டங்களில் முதலில் வரும் கேள்வி, ‘1,200 குழந்தைகள் போதுமா?’ என்பதுதான். குழந்தைகளை மட்டும் எண்ணினால் தாராளமாகப் போதும் என்றுதான் தோன்றும். குழந்தைகள் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள் என்று கொண்டு, பாதிப் பேரை வகுப்பிலும் மீதிப் பேரை வகுப்பு இல்லாத கட்டுப்பாட்டுக் குழுவிலும் வைத்தால், 0.16 திட்ட விலக்கம் அளவுள்ள முன்னேற்றத்தைக்கூட அந்தச் சோதனை கண்டுபிடித்துவிடும். மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவே திட்ட விலக்கம்; இனி வரும் அளவுகள் எல்லாம் அந்த அலகில்தான். ‘கண்டுபிடித்துவிடும்’ என்பதற்கு இங்கே ஒரு குறிப்பான பொருள் உண்டு. அந்த அளவு முன்னேற்றம் உண்மையில் இருந்தால், இதே சோதனையை 100 முறை நடத்தும்போது 80 முறை, 5 சதவீத மிகைகாண் நிலையில் ‘விளைவு இருக்கிறது’ என்ற முடிவு வரும். விளைவே இல்லாதபோது தவறாக ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடும் வாய்ப்பை 5 சதவீதத்தோடு நிறுத்துவதுதான் அந்த மிகைகாண் நிலை. அந்த 80 சதவீதத்தைத்தான் சோதனையின் திறன் என்கிறோம். அந்தத் திறனோடு பிடிக்கக்கூடிய மிகச் சிறிய முன்னேற்றத்தை இனி ‘பிடிபடும் அளவு’ என்று சொல்கிறேன். அது எவ்வளவு சிறிதோ சோதனை அவ்வளவு கூர்மையானது.

ஆனால் குழந்தைகள் தொடர்பில்லாதவர்கள் அல்ல. ஒரு பள்ளியில் நல்ல ஆசிரியர் இருந்தால் அங்கே எல்லாருடைய மதிப்பெண்ணும் சேர்ந்து ஏறும். ஆசிரியர் பணியிடம் ஓராண்டு காலியாகக் கிடந்தால் சேர்ந்தே இறங்கும். மதிப்பெண்களில் காணும் மொத்த ஏற்றத்தாழ்வில், பள்ளிக்குப் பள்ளி உள்ள வேறுபாட்டின் பங்கு எவ்வளவு என்பதே உட்கொத்து ஒட்டுறவு எனப்படுவது. அதை 0.2 என்று எடுத்துக்கொள்வோம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. பள்ளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, 20 பள்ளிகளில் வகுப்பு நடத்தி 20 பள்ளிகளை அப்படியே விட்டு, பள்ளிக்கு 30 குழந்தைகள் வீதம் அதே 1,200 பேருக்குத் தேர்வு வைத்தால், பிடிபடும் அளவு 0.16 அல்ல, 0.42. குழந்தைகளை இரட்டிப்பாக்கி, பள்ளிக்கு 60 பேர் என்று வைத்தாலும் அது 0.41க்குத்தான் இறங்குகிறது. அந்த 40 பள்ளிகளில் எத்தனை ஆயிரம் குழந்தைகளைச் சோதித்தாலும் 0.40ஐத் தாண்டிக் கீழே வர வழியில்லை. பள்ளிகளுக்கிடையே உள்ள வேறுபாடு அங்கே சுவர்போல நிற்கிறது. தவிர, மூன்று வகுப்புகளையும் சேர்த்தாலும் 60 பேர் தேறாத தொடக்கப் பள்ளிகள் ஏராளம்.

ஆகவே 16 லட்சத்துக்குள் எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. என் மேசைக்கு வந்தால் மூன்றைப் பொருத்திப் பார்ப்பேன்.

முதலாவது, பள்ளிக்குள்ளேயே குழந்தைகளைப் பிரிப்பது. 20 பள்ளிகள், ஒவ்வொன்றிலும் 30 பேர்; குலுக்கல் முறையில் 15 பேருக்கு வகுப்பு, 15 பேருக்கு இல்லை. இரு குழுவும் ஒரே பள்ளியில் இருப்பதால் பள்ளிக்குப் பள்ளி உள்ள வேறுபாடு கணக்கிலிருந்தே கழன்றுவிடுகிறது. செலவு 8 லட்சத்துக்குச் சற்று மேல், பிடிபடும் அளவு 0.20. காகிதத்தில் இதை எதுவும் மிஞ்ச முடியாது. விலையும் பாதி, கூர்மையும் அதிகம்.

களத்தில் நடப்பது வேறு. மாலை ஐந்து மணிக்குப் பள்ளி வளாகத்தில் வகுப்பு தொடங்குகிறது. பட்டியலில் இருக்கும் அக்காவோடு பட்டியலில் இல்லாத தம்பியும் வந்து உட்காருகிறான். வகுப்பு எடுக்கும் தன்னார்வலர் அதே தெருப் பெண். ‘உன் பெயர் இல்லை, வீட்டுக்குப் போ’ என்று அவரால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பட்டியலில் உள்ளவர்களில் 80 சதவீதமும், இல்லாதவர்களில் 30 சதவீதமும் வகுப்புக்கு வந்துவிட்டால், இரு குழுவுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு 50 சதவீதம்தான். வகுப்புக்கு வரும் குழந்தைக்குக் கிடைக்கும் முன்னேற்றம் எதுவாக இருந்தாலும் கணக்கில் அதன் பாதிதான் தெரியும். அப்படியானால் 0.20 என்ற கூர்மை, வந்தவர்கள் பெற்ற பலனை வைத்துப் பேசும்போது 0.41 ஆகிவிடுகிறது. விளைவு பாதியாகக் கரைந்தால் மாதிரி இரு மடங்கானால் போதாது, நான்கு மடங்காக வேண்டும். வராத குழந்தைகள் வந்தவர்களிடமிருந்து கதைப்புத்தகத்தை வாங்கி வாசித்துக் கற்றுக்கொண்டால் அது இன்னும் மோசம். அதைக் கணக்கில் கண்டுபிடிக்கவே முடியாது.

இது வாசிப்பு வகுப்புக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. கென்யாவின் பூசியா பகுதியில் குடற்புழு மருந்து பற்றிப் பொருளியலாளர்கள் மிகேலும் கிரெமரும் நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. அதில் அவர்கள் 75 பள்ளிகளைப் பள்ளி பள்ளியாகப் பிரித்ததற்கு இதே போன்ற காரணம் இருந்தது. மருந்து சாப்பிட்ட குழந்தையால் பக்கத்துக் குழந்தைக்கும் தொற்று குறைகிறது. ஒரே பள்ளிக்குள் பிரித்தால் இரு குழுவும் பலன் பெற்று, மருந்துக்குப் பெரிய பலனில்லை என்று தோன்றிவிடும். குழந்தைக்குத் தருவது முழுவதும் ரகசியமாகத் தரக்கூடியதாக, பகிர முடியாததாக இருந்தால் மட்டும் முதல் வடிவம். மாலை வகுப்பு அப்படிப்பட்டது அல்ல. இதை நான் தள்ளிவிடுவேன்.

இரண்டாவது வடிவம், பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. பள்ளிக்கு 30 பேருக்குப் பதில் 15 பேரைச் சோதித்து, மிஞ்சும் பணத்தில் 80 பள்ளிகளுக்குப் போவது. பாதிக்குப் பாதி பிரித்தால் பிடிபடும் அளவு 0.32. ஆனால் 40 பள்ளிகளில் வகுப்பு நடத்த 12 லட்சம் போய்விடுகிறது, மொத்தச் செலவு 18 லட்சத்தைத் தாண்டுகிறது. இங்கே பலர் 80ஐ 70 ஆக்கி, 60 ஆக்கி, இரு பக்கமும் சமமாகவே குறைத்துக்கொண்டு வருவார்கள். சமமாகப் பிரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வகுப்பு நடக்கும் பள்ளிக்கு ஆகும் செலவு கட்டுப்பாட்டுப் பள்ளிக்கு ஆவதைப்போல ஏறக்குறைய நாலரை மடங்கு. விலை உயர்ந்த பக்கத்தைக் குறைத்து மலிவான பக்கத்தைக் கூட்டினால் கூர்மை அதிகம் மழுங்காது. 30 பள்ளிகளில் வகுப்பு, 50 பள்ளிகள் கட்டுப்பாடு என்று வைத்தால் பிடிபடும் அளவு 0.33. 0.01 மட்டும் இழந்து மூன்று லட்சம் மிச்சம். மொத்தம் 15.6 லட்சம்.

மூன்றாவது வடிவம், ஒரே பள்ளிக்கு இரண்டு முறை போவது. வகுப்பு தொடங்குமுன் ஒரு தேர்வு, முடிந்தபின் ஒரு தேர்வு. 20 பள்ளிகளில் வகுப்பு, 40 பள்ளிகள் கட்டுப்பாடு, பள்ளிக்கு அதே 15 குழந்தைகள். செலவு 15.9 லட்சம். முன்தேர்வு மதிப்பெண்ணைப் பின்தேர்வின் கணக்கில் துணை மாறியாகச் சேர்த்தால், வகுப்புக்குத் தொடர்பில்லாத ஏற்றத்தாழ்வில் பெரும்பகுதியை அது உறிஞ்சிக்கொள்கிறது. போன ஆண்டே நன்றாக வாசித்த பள்ளி இந்த ஆண்டும் நன்றாக வாசிப்பதில் வியப்பில்லை. அந்த வியப்பில்லாத பகுதியைக் கழித்துவிட்டு மீதியைத்தான் பார்க்கிறோம். பள்ளிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 60 சதவீதத்தையும், பள்ளிக்குள் குழந்தைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 50 சதவீதத்தையும் முன்தேர்வு விளக்கிவிடும் என்று கொண்டால், பிடிபடும் அளவு 0.25.

பள்ளிகள் 80இலிருந்து 60ஆகக் குறைந்தும் கூர்மை கூடியிருக்கிறது. நம்ப மாட்டேன் என்பவர்கள் கணினியில் போட்டுப் பார்க்கலாம்:

```r
mde <- function(vaguppu, kattuppadu, n, icc, R2p = 0, R2k = 0)
  2.8 * sqrt((1/vaguppu + 1/kattuppadu) *
             (icc*(1 - R2p) + (1 - icc)*(1 - R2k)/n))

mde(30, 50, 15, 0.2)             # 0.325
mde(20, 40, 15, 0.2, 0.6, 0.5)   # 0.250
```

சூத்திரத்தில் உள்ள 2.8 என்பது 1.96உம் 0.84உம் சேர்ந்தது. முதலாவது 5 சதவீத மிகைகாண் நிலைக்கு, இரண்டாவது 80 சதவீதத் திறனுக்கு. பள்ளிகள் 40க்கும் கீழே போனால் 2.8ஐச் சற்று உயர்த்த வேண்டும். 60இல் பெரிய வித்தியாசம் வராது. அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கவனித்தால் எல்லாம் விளங்கிவிடும். `n` என்ற குழந்தைகளின் எண்ணிக்கை இரண்டாம் உறுப்பை மட்டுமே வகுக்கிறது. உட்கொத்து ஒட்டுறவான `icc` இருக்கும் முதல் உறுப்பை அது தொடுவதே இல்லை. முன்தேர்வு விளக்கும் பங்கு, பள்ளிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் `R2p`, குழந்தைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் `R2k`. முதல் உறுப்பைக் குறைக்க வேண்டுமானால் பள்ளிகளைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் `R2p`ஐக் கூட்ட வேண்டும். இரண்டாவது வடிவமும் மூன்றாவது வடிவமும் இந்த இரு வழிகள்தாம்.

இனி ஐயப்பட வேண்டிய இடம். 0.2, 0.6, 0.5 என்று நான் எழுதியவை எல்லாம் ஊகங்கள். முடிவு ஊகத்தின்மேல் நிற்கிறதென்றால், ஊகம் எவ்வளவு தவறினால் முடிவு கவிழும் என்று பார்த்தாக வேண்டும். திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்தப் படிதான். ஒரே ஓர் எண்ணைப் போட்டு, ‘திறன் 80 சதவீதம்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

உட்கொத்து ஒட்டுறவு 0.2க்குப் பதில் 0.1 என்றால் இரண்டாவது வடிவம் 0.26, மூன்றாவது 0.20. அதுவே 0.3 என்றால் 0.38க்கு எதிராக 0.29. எப்படிப் போட்டாலும் மூன்றாவதே முந்துகிறது. அதனால் இந்த எண்ணைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. எட்டுப் பத்துப் பள்ளிகளில் முன்னோட்டம் நடத்திக் கணக்கிட்டாலும் அந்த மதிப்பு அங்கும் இங்குமாக ஆடும், நம்ப முடியாது. இதே வகைத் தேர்வு நடந்த பழைய தரவு எங்காவது கிடைத்தால் அதிலிருந்து எடுப்பது மேல்.

மூன்றாவது வடிவத்தின் உயிர் `R2p`இல் இருக்கிறது. முன்தேர்வு பள்ளி வேறுபாட்டில் 60 அல்ல, 30 சதவீதத்தைத்தான் விளக்குகிறது என்றால் பிடிபடும் அளவு 0.31 ஆகிறது, அப்போதும் 0.33ஐவிடக் குறைவுதான். 20 சதவீதத்துக்கு இறங்கினால் இரண்டும் ஏறக்குறையச் சமம். அதற்கும் கீழே போனால் 80 பள்ளித் திட்டம் வெல்லும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றாகச் சுருங்கிவிட்டது: முன்தேர்வு 20 சதவீதத்துக்கும் கீழே போகும் அளவுக்கு மோசமாக இருக்குமா?

இருக்கக்கூடும், அது தேர்வுத்தாளைப் பொறுத்தது. இந்தியாவில் வாசிப்பைச் சோதிக்க, ஊரகக் குழந்தைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் அறிக்கையின் கருவியைப் பலரும் எடுத்தாள்கிறார்கள். அதில் ஐந்து படிகள்தாம்: எழுத்தும் தெரியாத நிலை, எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை. மாவட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்ல அது நல்ல கருவி. துணை மாறியாகப் பயன்படுத்த அது கரடுமுரடானது. முன்தேர்வில் பாதிக் குழந்தைகள் அடிப்படியிலேயே குவிந்துவிட்டால், அந்தப் பாதிப் பேருக்குள் யார் முன்னே, யார் பின்னே என்று தாள் எதுவும் சொல்வதில்லை; பின்தேர்வோடு அதற்குள்ள ஒட்டுறவு சரிந்துவிடும். ஆகவே முன்னோட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தை இங்கே செலவிடுவது புத்திசாலித்தனம். சில பள்ளிகளில் தாளைக் கொடுத்து மதிப்பெண் பரவலை வரைந்து பாருங்கள். பூஜ்யத்தில் ஒரு கம்பம் நட்டதுபோல் உயர்ந்து நின்றால் எளிய கேள்விகளைச் சேர்க்க வேண்டும். எழுத்துகளை நிமிடத்துக்கு எத்தனை வாசிக்கிறார்கள் என்று எண்ணுவதுபோல நுணுக்கமான அளவை இருந்தால் நல்லது. சில வாரம் கழித்து அதே குழந்தைகளுக்கு மறுபடி வைத்து ஒட்டுறவைப் பார்த்தால் அது மேல் எல்லை என்று கொள்ளலாம். ஆறு மாத இடைவெளியில் அது இன்னும் குறையும்.

பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் பருவத் தேர்வு மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டால் முன்தேர்வுச் செலவே மிச்சமாகுமே என்று கேட்பார்கள். அது பொதுத் தாளாக, பொதுத் திருத்தமாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். அந்தந்த ஆசிரியர் வைத்து அவரே போட்ட மதிப்பெண் என்றால் ஒரு பள்ளியின் 70உம் இன்னொரு பள்ளியின் 70உம் ஒன்றல்ல. பள்ளிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பிடிக்கத்தான் அது தேவை. அந்த வேலைக்குத்தான் அது உதவாது.

முன்தேர்வு வைத்துவிட்டு, பின்தேர்விலிருந்து அதைக் கழித்து ‘ஏற்றம்’ என்று பார்ப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. இரண்டு தேர்வுக்கும் உள்ள ஒட்டுறவு 0.5க்குக் கீழே இருந்தால், கழிப்பதைவிட முன்தேர்வைத் தூக்கி எறிவதே மேல். கழிக்கும்போது இரண்டு தேர்வின் தற்செயல் பிழையும் ஒன்றுசேர்ந்துவிடுகிறது. துணை மாறியாகச் சேர்த்தால் தரவே தக்க எடையைத் தேர்ந்துகொள்ளும், நட்டமே வராது. எந்த வழியில் பகுப்பாய்வு செய்யப் போகிறோமோ அந்த வழிக்குத்தான் திறனையும் கணக்கிட வேண்டும்.

தேர்வு நாளன்று குழந்தைகள் வராமல் போவதைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். கூர்மையைப் பொறுத்தவரை அது சிறிய கவலை. 15 பேரில் 12 பேர்தான் கிடைத்தாலும் பிடிபடும் அளவு 0.25இலிருந்து 0.26 ஆகிறது, அவ்வளவே. ஆனால் வகுப்பு நடந்த பள்ளியில் எல்லாரும் வந்து, கட்டுப்பாட்டுப் பள்ளியில் வாசிக்கத் திணறுபவர்கள் மட்டும் வராமல் போனால் விளைவே திரிந்துவிடும். அதை எத்தனை பள்ளி சேர்த்தும் சரிசெய்ய முடியாது. மறுநாள் வீடு தேடிப்போய்த் தேர்வு வைக்கும் செலவைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

கடைசியாக, 0.25 என்ற அளவே போதுமா என்ற கேள்வி. இதைக் கடைசியில் வைத்தாலும், நிர்வாகத்திடம் முதலில் கேட்பேன். மும்பையிலும் வதோதராவிலும் நடந்த பால்சகி திட்டம் பின்தங்கிய குழந்தைகளுக்குத் தனி வகுப்பு நடத்தியது. 2007இல் வெளியான ஆய்வின்படி முதல் ஆண்டில் 0.14, இரண்டாம் ஆண்டில் 0.28 திட்ட விலக்கம் அளவு சராசரி மதிப்பெண் உயர்ந்தது. கல்வித் திட்டங்களின் விளைவுகளைத் தொகுத்துப் பார்த்த மாத்யூ கிராஃப்ட், 2020இல் 0.20ஐயே ‘பெரிய விளைவு’ என்று வகைப்படுத்தினார். ஆறு மாத மாலை வகுப்பு 0.25 தரும் என்று எதிர்பார்ப்பது தாராள மனசு. உண்மை விளைவு 0.20 என்றால் மூன்றாவது வடிவம் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 61 சதவீதம், இரண்டாவதற்கு 41. உண்மை 0.15 என்றால் மூன்றாவதற்கே 39தான்.

திறன் குறைந்த சோதனை ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி ஏமாற்றுவது பாதிக் கெடுதல்தான். ‘இருக்கிறது’ என்று சொல்லும்போது செய்வது அதைவிடப் பெரிய கெடுதல். தொடக்கத்தில் சொன்ன 40 பள்ளித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மதிப்பீடு 0.30ஐ எட்டினால்தான் மிகைகாண் நிலையைத் தாண்டும். உண்மை 0.15 என்றால், அது தாண்டும் ஒவ்வொரு முறையும் விளைவை இரு மடங்காகவோ அதற்கு மேலோ மிகைப்படுத்தித்தான் சொல்லும். அந்த 0.30ஐ நம்பி அடுத்த மாவட்டத்துக்குத் திட்டம் போட்டால் அங்கே பாதிதான் கிடைக்கும். ‘முன்னோட்டத்தில் அருமையாக வந்தது, விரிவாக்கியதும் மங்கிவிட்டது’ என்று கேட்கும் கதைகளில் இப்படிப்பட்டவையும் இருக்கும். சிறிய முன்னோட்டத்தில் வந்த விளைவை எடுத்து மாதிரி அளவுக் கணக்கில் போடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். போட வேண்டியது, எவ்வளவு சிறிய முன்னேற்றம் வரை நிர்வாகம் இந்தத் திட்டத்துக்குப் பணம் தரத் தயார் என்ற எண்.

நிர்வாகம் 0.25 என்று சொன்னால் 60 பள்ளிக்கு இரு முறை போகலாம். தாளின் பரவலை மட்டும் ஜூன் மாதத்துக்குள் சரிபார்த்துவிட வேண்டும். 0.15 என்று சொன்னால் இந்த 16 லட்சத்தில் எந்த வடிவமும் தேறாது. வகுப்பை ஒரு முழுக் கல்வியாண்டுக்கு நீட்டி, வாசிக்கத் திணறும் குழந்தைகளை மட்டும் சேர்த்து, விளைவையே பெரிதாக்கப் பார்க்கலாம். பால்சகியிலும் முன்னேற்றத்தின் பெரும்பகுதி கீழ்நிலையில் இருந்த குழந்தைகளிடம்தான் வந்தது. அதுவும் இயலாதென்றால் பணம் சேரும்வரை சோதனையைத் தள்ளிவைத்துவிட்டு, வகுப்பை மட்டும் நடத்தலாம்.